குரு இல்லை, கோட்டை இல்லை: 1716-க்குப் பிறகு சீக்கியர்களை ஒன்றாக வைத்திருந்தது எது?

இளவேனில்

வணக்கம். கொஞ்ச நாளாக ஒரு கேள்வி மனதிலேயே நிற்கிறது. குரு கோவிந்த் சிங் 1708-ல் நாந்தேடில் மறைகிறார். அவருடைய நான்கு மகன்களும் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். அடுத்து படைத்தலைவராக வந்த பந்தா பகதூரை 1716-ல் டெல்லியில் கொன்றுவிட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதர்கள் டெல்லியிலிருந்து ஒரு கடிதம் அனுப்புகிறார்கள். கைதிகள் சுமார் 780 பேர், தினமும் நூறு பேர் தலை வெட்டப்படுகிறது, ஒருவர்கூட மதம் மாற ஒப்புக்கொள்ளவில்லை என்று அதில் இருக்கிறது.

அடுத்த ஐம்பதே ஆண்டில், 1765-ல், லாகூர் இவர்கள் கையில் இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? "வீரம், தியாகம்" என்று மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள். அது உண்மைதான், ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது வேறு. பணம் எங்கிருந்து வந்தது? யார் கூடி முடிவெடுத்தார்கள்? தலைமை இல்லாத கூட்டம் நாலு திசைக்கும் ஏன் சிதறிப் போகவில்லை?

முத்துக்கறுப்பன்

பதில் எளிது நண்பரே. முகலாயர்கள் கொடுத்த அழுத்தம்தான் அவர்களை உருவாக்கியது. ஆரம்பத்தில் நாமசங்கீர்த்தனம் பாடிக்கொண்டிருந்த அமைதியான பக்தர் கூட்டம் அது. 1606-ல் ஜஹாங்கீர் குரு அர்ஜனைக் கொன்றதும் அவர் மகன் ஹர்கோவிந்த் இரண்டு வாள் கட்டினார், அமிர்தசரஸில் அகால் தக்த் என்ற அதிகார பீடம் எழுந்தது. 1675-ல் ஔரங்கசீப் ஒன்பதாம் குரு தேக் பகதூரைக் கொன்றதும் கால்சா என்ற வாளேந்திய சீக்கியர் அமைப்பு வந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பதில். அடி விழுந்திருக்காவிட்டால் இன்றைக்கு இதுவும் கபீர் பந்தி மாதிரி ஒரு சிறிய பக்திப் பிரிவாகவே நின்றிருக்கும்.

கல்யாணி

முத்துக்கறுப்பன் சார், நீங்கள் சொன்ன ஆண்டுகள் எல்லாம் சரி. காரணத்தைத்தான் தலைகீழாக வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். 1606-ல் பாதுஷாவின் கண்ணை உறுத்துகிற அளவுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு அமைப்பு வளர்ந்திருந்தது. ஜஹாங்கீரே தன் நினைவுக்குறிப்பில் அதை எழுதியிருக்கிறார். கோயிந்த்வாலில் அர்ஜன் என்று ஒருவர் இருக்கிறார், மூன்று நான்கு தலைமுறையாக இந்தக் கடை சூடாக நடக்கிறது, இதை மூட வேண்டும் என்று பல நாளாக எண்ணியிருந்தேன் என்கிறார். கலகம் செய்த இளவரசன் குஸ்ரோவுக்கு குரு நெற்றியில் திலகமிட்டார் என்று சொல்லப்பட்டது. அது சாக்கு. எரிச்சல் அதற்கு முன்பே இருந்தது.

அந்தக் "கடை" எப்படி உருவானது என்று பார்த்தால்தான் இளவேனிலுக்குப் பதில் கிடைக்கும். நானக் ராவி ஆற்றங்கரையில் கர்த்தார்பூரை அமைத்து, உழுது, சேர்ந்து பாடி, சேர்ந்து சாப்பிட்டு வாழ்ந்தார். 1539-ல் மறைவதற்கு முன் தன் இரண்டு மகன்களையும் விட்டுவிட்டு லெஹ்ணா என்ற சீடரை அங்கத் என்று பெயரிட்டு குருவாக்கினார். வீட்டுச் சொத்தாக இதை விட்டுப்போகக் கூடாது என்ற முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிட்டது. மூன்றாம் குரு அமர் தாஸ் கோயிந்த்வாலில் 84 படிகள் உள்ள ஒரு கிணறு வெட்டினார். சீடர்கள் எல்லோரும் அறுவடைத் திருநாளான பைசாகிக்கும் தீபாவளிக்கும் அங்கே வர வேண்டும் என்று வைத்தார். வருடத்துக்கு இரண்டு முறை கூடுவது என்ற இந்த வழக்கத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

கூட்டம் பெருகப் பெருக குருவால் எல்லோரையும் நேரில் பார்க்க முடியவில்லை. ஊருக்கு ஊர் ஒருவரை நியமித்தார்கள். அவர்கள்தான் மசந்துகள். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பாரசீக எழுத்தாளர், ஆறாம் குருவை நேரில் அறிந்தவர், இதை விவரித்திருக்கிறார். ஒரு சீக்கியர் உழுகிறார், இன்னொருவர் வியாபாரம் செய்கிறார், இன்னொருவர் வேலைக்குப் போகிறார். ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் முடிந்ததை மசந்திடம் கொடுக்கிறார்கள். மசந்து அதை எடுத்துக்கொண்டு வைசாக மாதம் குருவின் அவைக்குப் போகிறார். போக விரும்பும் சீடர்களும் கூடப் போகிறார்கள். திரும்பும்போது குரு ஒவ்வொரு மசந்துக்கும் ஒரு தலைப்பாகை கொடுத்து அனுப்புகிறார்.

அமிர்தசரஸ் குளமும், இன்று பொற்கோயில் எனப்படும் ஹர்மந்திரும் இந்தப் பணத்தில் எழுந்தவை. 1604-ல் பாய் குர்தாஸ் கையால் சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தம் எழுதி முடிக்கப்பட்டதும் இந்தக் காலத்தில்தான். இவை எல்லாமே முதல் அடி விழுவதற்கு முன்னால் வந்துவிட்டன.

முத்துக்கறுப்பன்

ஏற்கிறேன். ஆனால் வாள் எடுத்தது அழுத்தத்தால்தானே?

கல்யாணி

அதில் அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஜாட் விவசாயிகள் அதிகமாகச் சேர்ந்ததும் ஒரு காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். குருக்கள் வேண்டுமென்றே எடுத்த முடிவு அது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

திருப்பூர்_சரவணன்

நான் வரலாறு படித்தவன் இல்லை. பனியன் தொழில். குளிர்கால ஸ்வெட்டர், ஷால் விஷயமாக லூதியானா போய்வருவேன். அங்கே குருத்வாராவில் சாப்பிட்டிருக்கிறேன். தரையில் வரிசையாக உட்கார வேண்டும், ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும், யார் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெரிய மில் முதலாளி என்று பிறகுதான் தெரிந்தது. செலவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, தசவந்த் என்றார்கள்.

மேடம் சொல்லும் மசந்து இப்போது உண்டா? குருத்வாரா கமிட்டிக்காரர்கள்தான் அந்த வேலையைச் செய்கிறார்களா?

கல்யாணி

சரவணன், மசந்து இப்போது கிடையாது. பத்தாம் குருவான கோவிந்த் சிங்கே அந்தப் பதவியை ஒழித்துவிட்டார். ஏன் என்பதுதான் இந்த இழையின் நடு விஷயம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பணமும் சீடர்களும் மசந்து வழியாகத்தான் குருவிடம் வருகிறார்கள். அப்படியானால் மசந்துகள் யார் பக்கமோ அவரே நடைமுறையில் குரு. நானக்குக்குப் பிறகு குரு மாறியபோதெல்லாம் பெரும்பாலும் விடுபட்ட பிள்ளையோ அண்ணனோ ஒருவர் போட்டிக்கு நின்றார். அர்ஜனுக்கு அவர் அண்ணன் பிருதி சந்த். அந்தக் குடும்பம் பிறகு அமிர்தசரஸையே கைப்பற்றி வெகுகாலம் வைத்திருந்தது. தேக் பகதூர் குருவான பிறகு ஹர்மந்திருக்கு வந்தபோது உள்ளே விடாமல் கதவைச் சாத்தினார்கள். ஆதி கிரந்தத்தின் மூலப் பிரதி இன்னொரு போட்டியாளரான தீர் மல் கையில், ஜலந்தர் பக்கத்தில் உள்ள இன்னொரு கர்த்தார்பூரில் இருந்தது. தேக் பகதூரைச் சுட்டவன் தீர் மல்லின் மசந்து ஷிஹான் என்று மரபு சொல்கிறது.

இந்த இடத்தில்தான் பேரரசு உள்ளே வருகிறது. ஏழாம் குரு ஹர் ராய் தன் மூத்த மகன் ராம் ராயை ஔரங்கசீப்பின் அவைக்கு அனுப்பினார். ராம் ராய் அங்கே நானக்கின் பாட்டில் ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லி பாதுஷாவைச் சமாதானப்படுத்தினார் என்பதால் தந்தை அவரை விலக்கினார். ஔரங்கசீப் அவருக்கு இமயமலை அடிவாரத்தில் நிலம் கொடுத்தார். இன்றைய டேராடூன் அவருடைய டேராவைச் சுற்றி வளர்ந்த ஊர்தான். மசந்துகளில் ஒரு பகுதியினர் அவர் பக்கம் போனார்கள். படை அனுப்பாமலே, ஒரு நில மானியத்தால், சமூகத்துக்கு இரண்டாவது தலையை உண்டாக்கிவிட முடிந்தது. 1664-ல் எட்டாம் குரு டெல்லியில் அம்மை கண்டு சிறுவனாகவே இறந்தபோது, பகாலா என்ற கிராமத்தில் நான்தான் அடுத்த குரு என்று 22 பேர் உட்கார்ந்திருந்தார்களாம்.

போதாததற்கு மசந்துகளும் கெட்டுப் போயிருந்தார்கள். பத்தாம் குரு இருந்த ஆனந்த்பூரில் அவர் முன்னால் கூத்தாடிகள் மசந்து வேஷம் கட்டி நடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. மசந்து ஏழைச் சீடன் வீட்டில் குதிரையோடு வந்து இறங்குகிறான், போட்ட சாப்பாட்டைக் குறை சொல்கிறான், நெய் கேட்டு மிரட்டுகிறான், வாங்கிய காணிக்கையில் பாதியைத் தன் மடியில் கட்டிக்கொள்கிறான். இது பின்னால் எழுதப்பட்ட மரபுக் கதை. அப்படியே நடந்தது என்று சாதிக்க மாட்டேன். ஆனால் மசந்துகள் மேல் மக்களுக்கு இருந்த கோபம் நிஜம்.

1699 பைசாகியில் கால்சா பிறந்தபோது நடந்ததில் வாளையும் ஐந்து பேர் தலை கொடுக்க முன்வந்ததையும்தான் எல்லோரும் சொல்வார்கள். அதோடு இந்த இடைத்தரகர் அடுக்கும் வெட்டப்பட்டது. அதையொட்டி குரு ஊர் ஊருக்கு அனுப்பிய ஹுக்கம்நாமாக்கள் என்ற கட்டளைக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. சங்கத், அதாவது ஊர்ச் சீடர் கூட்டம், எனக்கு நேரடியான கால்சா, மசந்திடம் எதுவும் கொடுக்காதீர்கள், வரும்போது நீங்களே கொண்டுவாருங்கள், வர முடியாத தொலைவு என்றால் உண்டியல் சீட்டாக அனுப்புங்கள் என்கின்றன.

வெங்கட்_71

இந்தக் குருத்வாரா நிர்வாகம் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது இல்லையா? 1920-ல் சிரோமணி கமிட்டி, 1925-ல் குருத்வாரா சட்டம். பேரரசு அழுத்தம் என்றால் அதைத்தான் பேச வேண்டும். 1921 பிப்ரவரியில் நன்கானா சாஹிபில் குருத்வாராவைத் தன் கையில் வைத்திருந்த மகந்தின் ஆட்கள் எத்தனை பேரைக் கொன்றார்கள்! 1924-ல் வைக்கம் போராட்டத்துக்கு அகாலிகள் பஞ்சாபிலிருந்து வந்து இலவசச் சமையல்கூடம் போட்டதை நம் ஊரில் பலர் மறந்துவிட்டார்கள். வெளியார் உதவி வேண்டாம் என்று காந்தி சொன்னதால் அதை நிறுத்த வேண்டியதாயிற்று.

இளவேனில்

வெங்கட் ஐயா, வைக்கம் தகவல் எனக்குப் புதிது, மிக்க நன்றி. ஆனால் என் கேள்வி அதற்கு இருநூறு ஆண்டுக்கு முந்தைய காலத்தைப் பற்றியது.

கல்யாணி மேடம், ஒன்று சரிபார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஊர் சங்கத்தும் நேரே குருவோடு இணைந்திருந்ததால் நடுவில் பிடிக்க ஆள் இல்லை. சரி. ஆனால் 1708-க்குப் பிறகு குருவே இல்லையே? கம்பியின் மறுமுனையில் யார்?

கல்யாணி

மறுமுனையில் இரண்டு வைக்கப்பட்டன. வாக்குக்கு கிரந்தம். முடிவுக்கு கூடியிருக்கும் சங்கத், அதாவது பந்த். ஐந்து பேருக்கு அமிர்தம் கொடுத்து கால்சாவில் சேர்த்த குரு, அவர்களிடமே கையேந்தித் தானும் அமிர்தம் வாங்கி கோவிந்த் ராய் என்ற பெயரை கோவிந்த் சிங் என்று மாற்றிக்கொண்டார். எந்த ஐந்து சீக்கியர் கூடினாலும் அமிர்தம் கொடுக்கலாம் என்ற நிலை அங்கே தொடங்குகிறது. அந்த ஐவரும் ஓர் ஊர்க்காரர்கள் இல்லை. லாகூர், ஹஸ்தினாபூர், பூரி, துவாரகை, பீதர் என்று ஐந்து மூலையிலிருந்து வந்த கத்ரி, ஜாட், தண்ணீர் சுமப்பவர், துணிக்கு அச்சு போடுபவர், நாவிதர்.

இது நடைமுறையில் எப்படி ஓடியது என்பதற்கு 1733-ஐ எடுத்துக்கொள்வோம். லாகூரின் முகலாய ஆளுநரான சுபேதார் ஜகரியா கான் பல ஆண்டுகள் வேட்டையாடிப் பார்த்தார். தலைக்கு விலை வைத்தார். இவர்கள் மலையடிவாரத்துக்கும் லக்கி காட்டுக்கும் பிகானீர் பாலைவனத்துக்கும் போய்ப் போய்த் திரும்பினார்கள். கடைசியில் ராம் ராய் விஷயத்தில் பலித்த பழைய வழியையே எடுத்தார். நவாப் பட்டம், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வருமானம் வரும் ஜாகிர். சுபேக் சிங் என்பவர் அதைக் கொண்டுவந்தார்.

ஆனால் கொடுப்பதற்கு அங்கே ஓர் ஆள் இல்லை. அமிர்தசரஸில் கூடியிருந்த கால்சா முன்னால்தான் வைக்க முடிந்தது. மூத்தவரான தர்பாரா சிங் வேண்டாம் என்றார். பேசிப் பேசி, மூச்சு விட அவகாசம் கிடைக்கும் என்பதால் வாங்கிக்கொள்ளலாம் என்று கூட்டம் முடிவு செய்தது. குதிரை லாயத்திலும் லங்கர் என்ற பொதுச் சமையல்கூடத்திலும் வேலை செய்துகொண்டிருந்த கபூர் சிங்குக்கு அதைக் கொடுத்தார்கள். பட்டத்துத் துணியை ஐந்து சீக்கியர்களின் காலில் தொட்டுக் கொடுங்கள், என் லாய வேலையையும் பறிக்காதீர்கள் என்று அவர் கேட்டாராம். பட்டம் கூட்டத்துக்குச் சொந்தம், இவர் அதைச் சுமப்பவர் என்று ஆக்கிவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் மூத்தவர்களின் புட்டா தளம், இளையவர்களின் தருணா தளம் என்று படை இரண்டாகப் பிரிந்து ஒழுங்குக்கு வந்தது. ஒரே லங்கர், ஒரே களஞ்சியம். 1735-ல் ஜகரியா கான் ஜாகிரைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார், அதற்குள் அவகாசம் பயன்பட்டுவிட்டது.

இரண்டு முறை கூடும் வழக்கம் எவ்வளவு முக்கியம் என்பதும் அடுத்தே தெரிகிறது. ஹர்மந்திரில் கிரந்தம் ஓதும் கிரந்தியான பாய் மணி சிங், தீபாவளிக்கு சங்கத் கூட அனுமதி கேட்டார். கூட்டம் முடிந்ததும் வரும் காணிக்கையிலிருந்து ஐயாயிரம் ரூபாய் வரி கட்டுவதாக ஒப்பந்தம். சுபேதார் ஊருக்குப் பக்கத்தில் படையை நிறுத்தினார். விஷயம் பரவியதும் யாரும் வரவில்லை. காணிக்கை இல்லை, வரியும் கட்ட முடியவில்லை. கிழவரை லாகூருக்கு இழுத்துப்போய் மூட்டு மூட்டாக வெட்டினார்கள். 1734 என்பார்கள், 1737 என்பாரும் உண்டு. இவர்களுடைய வருமானம், அஞ்சல், ஆலோசனை மூன்றும் அந்த இரண்டு நாட்களில்தான் நடக்கின்றன என்பது லாகூருக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் அந்த நாளைக் குறிவைத்தார்கள்.

அன்வர்_நாகூர்

நல்ல விளக்கம். ஆனால் இரண்டு இடங்களில் எனக்கு நெருடுகிறது.

முதலாவது, 1708-க்குப் பிறகு மையமே இல்லை என்பது போல் எழுதுகிறீர்கள். குருவின் மனைவி மாதா சுந்தரி டெல்லியில் இருந்தார். அவர் பெயரில் சங்கத்துகளுக்கு ஹுக்கம்நாமாக்கள் போயின, காணிக்கை கேட்டும் போயின. பந்தாவின் ஆட்களுக்கும் அவர்களை ஏற்காத தத் கால்சா கட்சிக்கும் 1721-ல் சண்டை வந்தபோது மணி சிங்கை அனுப்பியதும் அவர்தான். இரண்டு கட்சியின் சீட்டையும் குளத்தில் போட்டு, எது மேலே மிதந்ததோ அந்தக் கட்சி வென்றது என்பார்கள். அப்படியானால் கூட்டம் தானாகவே இயங்கவில்லை. குரு குடும்பத்தின் மரியாதை கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தது.

இரண்டாவது, இந்தக் கதையைச் சொல்லும்போது இந்து, முஸ்லிம் என்று கோடு போட்டுவிடுகிறோம். ஆனந்த்பூரை முற்றுகையிட்டதில் மலை ராஜாக்களும் இருந்தார்கள். 1746-ல் ஆயிரக்கணக்கில் சீக்கியர்களைக் கொன்ற சோட்டா கல்லுகாரா என்ற படுகொலைக்குத் தலைமை தாங்கியவர் லாகூர் திவான் லக்பத் ராய். சிர்ஹிந்தில் குருவின் இரண்டு சிறுவர்களைக் கொல்லும்போது அதை எதிர்த்துப் பேசியவர் மலேர்கோட்லா நவாப் ஷேர் முகமது கான். அந்த ஊரை சீக்கியர்கள் இன்றும் மரியாதையோடு பேசுகிறார்கள். இது அரசுக்கும் சமூகத்துக்கும் நடந்த மோதல்.

கல்யாணி

அன்வர் பாய், இரண்டாவதை முழுக்க ஏற்கிறேன். அதை நானே சொல்லியிருக்க வேண்டும்.

முதலாவதில் பாதிதான் ஏற்க முடியும். மாதா சுந்தரி மதிக்கப்பட்டார், கடிதங்களும் போயின. ஆனால் 1733-ல் ஜாகிர் வந்தபோது டெல்லிக்கு ஆள் அனுப்பிக் கேட்டதாக நான் எங்கும் பார்த்ததில்லை. அமிர்தசரஸிலேயே முடித்தார்கள். அவர் காலத்திலேயே எடை கூட்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது என் எண்ணம்.

அன்வர்_நாகூர்

கேட்டதாகப் பதிவு இல்லை என்பதாலேயே கேட்கவில்லை என்று ஆகிவிடாது. நமக்குக் கிடைக்கும் விவரமான நூல்களில் பல, நூறு ஆண்டு கழித்து கால்சா பக்கத்தில் நின்று எழுதப்பட்டவை. அவற்றில் ஒரு பெண்ணின் பங்கு குறைத்துச் சொல்லப்பட்டிருக்கலாம். இதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

திருப்பூர்_சரவணன்

காட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு, குதிரை, துப்பாக்கி எப்படிக் கிடைத்தது? அதை யாரும் சொல்லவில்லையே.

கல்யாணி

சரவணன், நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். கால்சா எப்போதுமே சீக்கியர்களில் ஒரு பகுதிதான். தலைமுடி வளர்க்காமல் வீட்டில் இருந்த நானக் பந்திகள் நிறையப் பேர். கிராமங்களில் ஒளித்து வைத்துச் சோறு போட்டவர்கள் அவர்கள். அரசின் கருவூல வண்டிகளையும் வழிமறித்தார்கள். 1739-ல் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடிவிட்டுத் திரும்பும்போது அவனுடைய சுமை வண்டிகளையும் விட்டுவைக்கவில்லை.

நிரந்தர வழி பின்னால் வந்தது. 1748 பைசாகியில் சிதறிய குழுக்களை எல்லாம் தள் கால்சா என்று ஒன்றாக்கி ஜஸ்ஸா சிங் ஆலுவாலியாவைத் தலைவராக்கினார்கள். அமிர்தசரஸில் ராம் ரவுணி என்று ஒரு மண்கோட்டை எழுந்தது. பிறகு கிராமங்களோடு ராக்கி ஒப்பந்தம் போட்டார்கள். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு கொடுங்கள், ஆப்கானியனோ முகலாயனோ வேறு கொள்ளைக்காரனோ வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் சாரம். ஆப்கானியர், முகலாயர், மராட்டியர் மூவரும் மாறி மாறி வந்துபோன நாட்டில் விவசாயிக்கு அது கட்டுபடியாயிற்று.

1762 பிப்ரவரியில் ஆப்கானிய அரசன் அப்தாலி குப் கிராமத்தருகே சீக்கியர்களைப் பெண்கள் குழந்தைகளோடு ஆயிரக்கணக்கில் வெட்டினான். ஏப்ரலில் ஹர்மந்திரை வெடிமருந்து வைத்துத் தகர்த்தான். அதே ஆண்டு தீபாவளிக்கு அந்த இடிபாடுகளுக்கு நடுவிலேயே கால்சா கூடியது.

வெங்கட்_71

என் கேள்வி தள்ளிப்போயிற்று, பரவாயில்லை. ஆனால் இதற்கு பதில் வேண்டும். கால்சா காட்டில் இருந்தபோது குருத்வாராக்களை யார் பார்த்துக்கொண்டார்கள்?

கல்யாணி

வெங்கட் ஐயா, நீங்கள் முதலில் சொன்ன 1921-ன் வேர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான இடங்களை உதாசிகள் பார்த்துக்கொண்டார்கள். நானக்கின் மூத்த மகன் ஸ்ரீ சந்தைப் பின்பற்றும் துறவிகள். வாள் கட்டாதவர்கள், தலைமுடி அடையாளம் இல்லாதவர்கள் என்பதால் லாகூர் அவர்களை விட்டுவிட்டது. விளக்கு அணையாமல் காத்த பெருமை அவர்களுக்கு உண்டு. நிலைமை மாறியதும் அந்த இடங்களின் மானிய நிலம் மகந்துகளின் கைக்குப் பரம்பரையாகப் போயிற்று. வெள்ளையர் காலத்தில் நிலப்பதிவும் மகந்து பெயரிலேயே ஆகி, அவர் முதலாளி ஆகிவிட்டார். 1699-ல் ஒழித்த இடைத்தரகர் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டார் என்பேன்.

முத்துக்கறுப்பன்

அந்தப் பெரிய கூட்டம், சர்பத் கால்சா, பெரும்பான்மை வாக்கெடுப்பா? எதிர்த்தவனை என்ன செய்வார்கள்?

கல்யாணி

வாக்கு எண்ணிக்கை கிடையாது. அகால் தக்த் முன்னால் கிரந்தத்தை வைத்து, சொந்தப் பகையை அன்றைக்கு விட்டுவிடுகிறோம் என்று சொல்லி, பிரசாதத்தைச் சேர்ந்து உண்டு, பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். அதன் பெயர் குர்மத்தா. குருவின் முன்னால் எடுத்த முடிவு என்பதால் மீறுவது பாவம். மீறினால் தண்டிக்க ஆள் இல்லை. தனக்குக் குதிரையும் துப்பாக்கியும் வைத்திருக்கும் ஒருவன் ஒரு சர்தாரை விட்டு இன்னொருவரிடம் போய்ச் சேரலாம். அப்தாலி என்ற வெளிப்பகை இருந்தவரை இது ஓடியது. அவன் வரவு நின்றதும் மிஸ்ல்கள் என்ற சர்தார்களின் படைக்குழுக்கள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டன. ஆலுவாலியாவே இன்னொரு மிஸ்ல் தலைவரான ராம்கடியாவைச் சட்லெஜுக்கு அப்பால் துரத்தினார். 1805-ல் மராட்டியத் தலைவர் ஹோல்கர் அடைக்கலம் கேட்டு வந்தபோது கூடியதுதான் கடைசி அரசியல் குர்மத்தா என்பார்கள். அதன் பிறகு ரஞ்சித் சிங் அந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை.

இளவேனில்

கேட்டதற்கு மேலேயே கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. மாதா சுந்தரி விஷயத்தில் நான் அன்வர் பாய் பக்கம் சாய்கிறேன், மேடம் மன்னிக்க வேண்டும். அவருடைய ஹுக்கம்நாமாக்கள் எந்தெந்த ஊர்களுக்குப் போயின என்று யாராவது ஆண்டுவாரியாகப் பட்டியல் வைத்திருந்தால் இங்கே போடுங்கள். பஞ்சாபுக்குள் போனவை எத்தனை, பாட்னா காசிப் பக்கம் போனவை எத்தனை என்று பிரித்துப் பார்த்தாலே இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.